ஃபோன் அடிக்குது, எடுக்கேல்ல

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்ததும் கொட்டாஞ்சேனை வீடுகளில் எல்லாரும் செய்தது ஒன்றுதான்: பூசைக்குப் போனவர்களுக்கு ஃபோன் அடித்தோம். அன்றே முகநூலும் வாட்ஸப்பும் முடக்கப்பட்டன. திரும்பத் திரும்ப அதே நம்பர், அதே நினைப்பு.

அந்த நாளைப் பற்றி எங்கட வயதுக்காரர் எழுதும் கவிதைகளில் உவமைக்கு மேல் உவமை ஏறுகிறது. காத்திருக்கும் மனம் அப்படி ஏறிப்போவதில்லை; சுத்திச் சுத்தி வரும். அதற்குப் பொருத்தமான வடிவம் பாண்டூம் என்பது எங்கள் கருத்து. மலாய் மொழியின் 'பந்துன் பெர்காயிட்' என்ற கோத்த பாட்டிலிருந்து வந்தது அது. 1829இல் விக்தோர் ஹ்யூகோ தன் நூலின் குறிப்புகளில் ஒன்றை மொழிபெயர்ப்பாகச் சேர்த்த பிறகு ஐரோப்பாவுக்கும் பரவியது.

விதி லேசு. நாலு வரிப் பத்தி. இரண்டாம், நாலாம் வரிகள் அடுத்த பத்தியின் முதலாம், மூன்றாம் வரிகளாகும். கடைசிப் பத்தியில், தொடக்கப் பத்தியின் மூன்றாம் வரி இரண்டாவதாகவும் முதல் வரி முடிவாகவும் திரும்பி வரும். ஒரு வீட்டைக் கற்பனை செய்து எழுதிப் பார்த்தோம்:

ஃபோன் அடிக்குது, எடுக்கேல்ல.
கோயில் பக்கம் போகவேணாம் எண்டினம்.
தேத்தண்ணி ஆறிப்போச்சு.
இன்னும் ஒண்டும் தெரியாது.

கோயில் பக்கம் போகவேணாம் எண்டினம்.
செருப்பைப் போட்டாச்சு.
இன்னும் ஒண்டும் தெரியாது.
பக்கத்து வீட்டில சத்தமில்லை.

செருப்பைப் போட்டாச்சு.
தேத்தண்ணி ஆறிப்போச்சு.
பக்கத்து வீட்டில சத்தமில்லை.
ஃபோன் அடிக்குது, எடுக்கேல்ல.

முதல் வரியில் எடுக்காதது கோயிலுக்குப் போன ஆள். கடைசி வரியில் அடிப்பது வீட்டு ஃபோன். செய்திக்குப் பயந்து எடுக்காதது நாங்கள். ஒரு எழுத்தும் மாறவில்லை. இதைச் செய்ய விடுவது தமிழ் இலக்கணம். 'எடுத்தான்' என்றால் ஆள் யார் என்று விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். 'எடுக்கேல்ல' நான், நீ, அவன் எல்லாருக்கும் பொது. 'போட்டாச்சு'வும் அப்படித்தான். பாண்டூம் எழுதுகிறவர்கள் திரும்பி வரவேண்டிய வரிகளுக்கு இப்படியான வினைகளைத் தேடவேண்டும்.

அந்தாதி எங்களுக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தாதியில் முடிவு அடுத்ததன் தொடக்கமாகி, பாட்டு முன்னால் நகரும். பாண்டூமில் இடைப் பத்திகள் ஒவ்வொன்றிலும் பாதி பழசு. இரண்டடி வைத்தால் ஒரு அடி பின்னுக்கு.

பிழைக்கும் இடமும் அதுதான். திரும்பி வந்த வரி முன்பு சொன்னதையே சொன்னால் அது வெறும் பல்லவி. இரண்டாவது தரம் வாசிக்கும்போது வயிறு கலங்காவிட்டால் அந்த வரியை மாற்றுங்கள்.

ஒரு எல்லையும் உண்டு. செய்தி வந்துவிட்டால் இந்த வடிவம் பொய்யாகிவிடும், ஏனென்றால் அது தொடங்கிய இடத்துக்கே திரும்பவேண்டும். செய்தி வந்த வீடு அங்கே திரும்ப முடியாது. அந்த வீட்டுக்கு வேறு கவிதை வேண்டும்.