ஷவருக்கு ஆசிட் வேண்டாமே, ப்ளீஸ்

அகமதாபாத்துக்கு மாற்றலாகி வரும் நம்ம ஊர்க்காரர்கள் வந்த ஒரு வருஷத்துக்குள் புலம்புவது இது: "சார், ஷவர்ல பாதி ஓட்டையில தண்ணியே வரல, மீதி சுவத்துல அடிக்குது!" வேறொன்றுமில்லை, போர் தண்ணீரின் சுண்ணாம்பு. பிளம்பரைக் கூப்பிட்டால் டாய்லெட் ஆசிட்டில் முக்கி எடுப்பார். விடாதீர்கள் என்பது என் கட்சி. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்போடு குரோம் பூச்சையும் அரிக்கும், ஸ்டீலில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். வாடகை வீடென்றால் ஓனர் அட்வான்ஸில் கைவைப்பார்.

இங்கே மளிகைக் கடையில் 'லிம்பு நா ஃபூல்' கேளுங்கள். டோக்ளாவுக்குப் போடும் சிட்ரிக் அமிலம்தான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. ஷவரைக் கழற்றி முகம் கீழே இருக்குமாறு முக்கினால் சின்னக் குமிழிகள் வரும், சுண்ணாம்பு கரைகிறது.

எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாமே. முழு ஸ்டீல் ஒரு மணி நேரம் தாங்கும். குரோம் பூசியது என்றால், உள்ளே பிளாஸ்டிக்கோ பித்தளையோ, அரை மணி போதும். பூச்சில்லாத பித்தளைக்குப் பத்து நிமிஷம். இளஞ்சிவப்பு தட்டினால் உடனே எடுத்துக் கழுவுங்கள். கறுப்பு, தங்க நிறப் பூச்சுக்கு அமிலமே வேண்டாம், சோப்புத் தண்ணீர்தான். ரப்பர் மூக்கு வைத்த மாடலா? கட்டைவிரலால் தேய்த்தாலே உதிரும். மிச்சத்துக்குப் பழைய டூத் பிரஷ். ஊசி மட்டும் வேண்டாம் (வீட்டுக்கு வீடு அதைத்தான் எடுக்கிறார்கள்!), பிளாஸ்டிக் ஓட்டை அகன்று தண்ணீர் கோணலாகவே அடிக்கும்.

ஓட்டையெல்லாம் சுத்தமாகியும் தண்ணீர் மெலிசாகவே வந்தால், குழாயோடு சேரும் இடத்திலுள்ள சல்லடையைப் பாருங்கள். மணல் அடைத்திருக்கும்.