பதினாலு வருஷம் ஒரு வரியில அடங்காது

"வெளிநாட்டு அனுபவம் விரும்பத்தக்கது." வேலை விளம்பரத்தில் இந்த வரியைப் பார்த்தா எங்கட மாமாவுக்கு இப்ப சிரிப்புத்தான் வருது. பதினாலு வருஷம் கட்டாரில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு அக்குறணைக்குத் திரும்பினவர். கண்டியில் ஒரு கம்பனி நேர்முகத்தேர்வில் கேட்டது ஒரே கேள்வி: "சேர்டிபிகட் எங்க?"

அவரிடம் இருந்தது ஒரு சேவைக் கடிதம். அதில் 'தொழிலாளி' என்று ஒரே ஒரு சொல். விசாவிலும் அதே சொல். "அங்க எழுதினது வேற மகன், நான் செஞ்சது வேற" என்றார்.

மெல்பேர்னில் ரெண்டு வருஷம் படித்து வந்தால் அனுபவம், டோஹாவில் பதினாலு வருஷம் உழைத்து வந்தால் 'சவூதிக்காரன்'. நாடு மாறினாலும் ஊர் வைக்கிற பேர் மாறாது. "கடையொன்றைப் போடு" என்பதுதான் எல்லாரும் சொல்ற புத்தி. கைத்தொழில் தெரிந்தவனை ஏன் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார வைக்கணும்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையை வைத்தே என்.வி.கியூ. தகைமை எடுக்கலாம். ஆர்.பி.எல். என்பார்கள், அதாவது முன்கற்றலை அங்கீகரித்தல். நைட்டா போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. முதலில் செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகக் கட்டணும். பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டணும். ஏசி என்றால், குழாயில் நைட்ரஜன் அடைத்துக் கசிவு பார்ப்பது, வெக்கியூம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது, அளந்து கேஸ் ஏற்றுவது. வெக்கியூம் போடாமல் கேஸ் ஏற்றுகிறவரை அந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

மாமாவுக்குக் கை தடுமாறாது. அவர் தடுமாறியது கோப்பில்தான். வேலைத்தளப் படம் இல்லை, வேலைச்சீட்டு இல்லை, மேற்பார்வையாளரின் நம்பர் பழைய போனோடு போய்விட்டது. பதினாலு வருஷத்துக்கு ஆதாரம் ஒரு சொல்!

என் கோபம் இங்கேதான். போகும்போது பணியகத்தில் பதிவு செய்கிறோம், கட்டணம் கட்டுகிறோம். "வரும்போது இதையெல்லாம் கொண்டு வா" என்று அவர் கையில் ஒரு துண்டுத்தாள்கூட யாரும் கொடுக்கவில்லை. அனுப்புகிற பணத்தை எண்ணத் தெரிந்த நாட்டுக்கு, கற்றுவந்த தொழிலை எண்ணத் தெரியாதா? கம்பனிகளும் கடதாசி இல்லையென்று ஆளைத் திருப்பி அனுப்பாமல், அரை நாள் வேலை கொடுத்துப் பார்க்கலாமே.

அதுவரைக்கும், அங்கே இருக்கிற நானாமாருக்கு இன்றைக்கே ஒரு வொய்ஸ் போடுங்கள். வேலைச்சீட்டுகளைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சேவைக் கடிதத்தில் பதவியை மட்டுமில்லாமல், எந்த இயந்திரத்தில், என்ன வேலை, எத்தனை வருஷம் என்றும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். அதைக் கேட்க வேண்டியது வேலையில் இருக்கும்போதே. விமானம் ஏறின பிறகு யாரும் போனைத் தூக்கமாட்டார்கள்.