பள்ளிச் சுற்றுலாவில் குழந்தைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு? பெற்றோர் போட்ட கையெழுத்து பள்ளியைக் காப்பாற்றுமா?

"சுற்றுலாவில் ஏதாவது நடந்தால் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வரியோடு ஒரு படிவம் வீட்டுக்கு வரும். பெற்றோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். பிறகு குழந்தைக்கு ஏதாவது ஆனால், "அதான் கையெழுத்துப் போட்டாச்சே, இனி என்ன கேட்க முடியும்?" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

அந்தக் கையெழுத்து, குழந்தையை அழைத்துச் செல்வதற்கான அனுமதி மட்டுமே. கவனக்குறைவாக இருக்கலாம் என்பதற்கான அனுமதி அல்ல. இப்படிப்பட்ட வழக்குகளில் நீதிமன்றங்கள் பார்ப்பது இரண்டு விஷயங்கள்: விபத்துக்கு முன் பள்ளி என்ன செய்தது? விபத்துக்குப் பின் என்ன செய்தது?

முன்பு: ஆற்றங்கரை வழக்கு

1995 மே மாதம் பதான்கோட் அருகே உள்ள டல்ஹவுசி பப்ளிக் பள்ளியின் மாணவர்கள் பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கே 14 சிறுவர்கள் மூழ்கி இறந்தனர். பெற்றோர் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அது உத்தரவிட்டது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பு சொன்னது இதுதான். கவனத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும். விளையாட்டுப் போட்டிக்காக இன்னொரு பள்ளிக்கு அழைத்துப் போனால், அந்த வளாகம் பாதுகாப்பானதா என்று தெரிந்துகொண்டால் போதும். ஆற்றுக்கு அழைத்துப் போனால் கவனம் பல மடங்கு கூட வேண்டும். 'இந்த ஆறு ஆபத்தில்லாதது என்று எல்லோரும் சொன்னார்கள்' என்பது பதிலாகாது. தவறு ஆசிரியருடையது என்றாலும், இழப்பீட்டுக்கு நிர்வாகமே பொறுப்பு.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு துயரம் நடந்தது. 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்குச் சென்ற புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேர், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் இறங்கி மூழ்கி இறந்தனர். தலைமை ஆசிரியர் உள்ளிட்டோர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். போட்டிக்கென்று புறப்பட்ட பயணம், நடுவில் ஆற்றங்கரைக்கு மாறியது. அப்படி மாறும்போதே ஆசிரியரின் கடமையும் கூடிவிடுகிறது.

பின்பு: காய்ச்சல் வழக்கு

2006 டிசம்பரில் பெங்களூரு பள்ளி ஒன்றின் 9ஆம் வகுப்பு மாணவி ஒருவர் வட இந்தியச் சுற்றுலாவில் காய்ச்சலால் படுத்தார். அது மூளையைத் தாக்கும் தொற்று. உடன் வந்த ஆசிரியர்கள் அலட்சியம் காட்டாமல் இருந்திருந்தால் நோயைக் கட்டுப்படுத்தியிருக்கலாம் என்றார்கள் மருத்துவ நிபுணர்கள். அந்த மாணவி படுத்த படுக்கையானார், பேச்சும் போனது. மாநில நுகர்வோர் ஆணையம் 88 லட்சத்துக்கும் மேல் இழப்பீடு வழங்கியது. தேசிய ஆணையம் அதை 50 லட்சமாகக் குறைத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் பழைய தொகையையே மீண்டும் உறுதி செய்தது.

காய்ச்சல் வந்தது பள்ளியின் குற்றமல்ல. தாமதம்தான் குற்றம். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021 பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டுதலும், மருத்துவ உதவி தருவதில் தாமதத்தை நிர்வாகத்தின் அலட்சியங்களில் ஒன்றாகச் சொல்கிறது.

எல்லா அடிக்கும் பள்ளி பொறுப்பா?

இல்லை. நல்ல மைதானத்தில், ஆசிரியர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது கபடியில் ஒரு மாணவனின் கை முறிந்தால், அது விளையாட்டில் இருக்கும் ஆபத்து. ஆனால் வலியால் துடித்தவனை மாலை மணி அடிக்கும் வரை வகுப்பில் உட்கார வைத்திருந்தால் கதை வேறு. தலையில் அடிபட்டு வாந்தி எடுத்த குழந்தையை 'தூங்கட்டும்' என்று விட்டாலும் அப்படித்தான்.

எனவே பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று நேரங்கள்: அடிபட்டது எத்தனை மணிக்கு, வீட்டுக்கு போன் வந்தது எப்போது, மருத்துவமனையில் சேர்த்தது எப்போது. மருத்துவமனைச் சீட்டையும் போனில் உள்ள அழைப்புப் பதிவையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். உடன் இருந்த ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதையும் பள்ளியிடம் எழுத்தில் கேட்கலாம்.

எங்கே போவது?

அலட்சியத்தால் காயம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவிலும், மரணம் என்றால் 106ஆவது பிரிவிலும் போலீசில் புகார் தரலாம். ஆனால் அது தண்டனைக்கான வழி. இழப்பீட்டுக்குத் தனியாக வழக்குப் போட வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். பள்ளிகள் நடத்தும் சுற்றுலா, விளையாட்டு, நீச்சல் ஆகியவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020இல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு வழக்கில் கூறியது. அதனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 'இது இங்கே வராது' என்று பள்ளித் தரப்பு வாதிட இடம் இருக்கிறது. எனவே நுகர்வோர் ஆணையத்தை மட்டும் நம்பி இருக்காமல், உரிமையியல் நீதிமன்றமா, டல்ஹவுசி வழக்கைப் போல உயர் நீதிமன்றமா என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.