தேய்த்தால் இறங்காது

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் கொட்டி மூன்றாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தால், நங்கநல்லூரில் மிச்சமிருக்கும் தனி வீடுகளின் கொல்லையில் ஒரு நாடகம் தவறாமல் நடக்கும். முருங்கை மரத்தடியில் கொத்துக் கொத்தாகக் கம்பளிப்பூச்சி அப்பியிருக்கும். அந்த வழியே போன யாராவது முழங்கையைச் சொறிந்துகொண்டு உள்ளே ஓடிவருவார்கள். உடனே வீட்டுப் பெரியவர் ஒருவர் விபூதிச் சம்புடத்தோடு எழுந்திருப்பார். "கையை நீட்டு, நன்னா அழுத்தித் தேச்சுவிடறேன், விஷம் எறங்கிடும்."

நான் சண்டை போட வந்திருப்பது விபூதியோடு அல்ல, அந்த 'அழுத்தித் தேய்ப்ப'தோடுதான். விபூதிக்குப் பதில் சிலர் வெற்றிலையை நல்லெண்ணெயில் தோய்த்துத் தேய்ப்பார்கள். சிலர் கோணிச்சாக்கால் தேய்ப்பார்கள். தலைமுடியால் தேய்க்கச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். பொருள்தான் மாறுகிறது, செயல் ஒன்றே. தோலில் ஏறிய விஷத்தைத் தேய்த்துக் கீழே இறக்கிவிடலாம் என்கிற நம்பிக்கை அது.

அப்படித் தேய்த்து இறக்கக்கூடியது எதுவும் அங்கே ஏறவில்லை. கம்பளிப்பூச்சி கடிக்காது. 'கம்பளிப்பூச்சிக் கடி' என்ற பேச்சு வழக்கே முதல் தப்பு. அதன் உடம்பைப் போர்த்தியிருக்கும் சுணைதான் நம் தோலில் ஏறுகிறது. சில இனங்களில் அந்த முடி ஊசிபோல உள்ளே துளையுள்ளது, அடியில் நச்சுச் சுரப்பி இருக்கும். வேறு சில இனங்களில் முள் முள்ளாக இருக்கும் முடியே குத்தி அரிப்பை உண்டாக்கிவிடும். எந்த வகையானாலும் முடி பட்டவுடன் கழன்று தோலில் நிற்கும். பாதி உள்ளே, பாதி வெளியே. வெளியே நிற்கும் பாதிதான் நமக்குப் பிடிமானம். அந்த நேரத்தில் மேலே சாம்பலைப் போட்டுக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்? முடி ஒடியும், ஒடிந்த துண்டு உள்ளே புகும், ஒடியாதது பக்கத்துத் தோலுக்கு நகரும். ஒரு கோடாக இருந்த தடிப்பு உள்ளங்கை அகலத்துக்குப் பரவுவது இப்படித்தான்.

இதற்கு நல்ல சாட்சி எங்கள் பக்கத்து வீட்டிலேயே கிடைத்தது. கொல்லைக் கொடியில் உலர்ந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்ட பத்து வயதுப் பேரனுக்கு முன்கையில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு தடம் சிவந்து எழும்பியது. பூச்சி ஊர்ந்து போன பாதை அது, ரயில் தண்டவாளம் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பாட்டி விபூதி தேய்த்தார். அரை மணியில் அவனுக்கு முழங்கை வரை தடித்தது. சாயங்காலம் பாட்டியின் கட்டைவிரல் நுனியும் விரல் இடுக்கும் வீங்கி அரித்தன. அவர் மரத்தடிப் பக்கமே போகவில்லை. பேரன் கையிலிருந்துதான் அவர் விரலுக்குச் சுணை போயிருக்கிறது. "பாரேன், விஷம் எனக்கு எறங்கிடுத்து" என்றார் பாட்டி, கொஞ்சம் பெருமையோடுகூட. மறுநாள் அதே சட்டையை உதறி மடித்த மருமகளுக்குக் கழுத்தில் வந்தது. அதற்கும் சம்புடம் திறந்தது.

இத்தனைக்குப் பிறகும் நம்பிக்கை ஏன் சாகவில்லை? தடிப்பு பெரும்பாலும் சில நாளில், போனால் ஒன்றிரண்டு வாரத்தில், தானே அடங்கிவிடும். யார் எதைத் தேய்த்திருந்தாலும் நல்ல பேர் தேய்த்தவருக்கே. இன்னொன்று, அரிக்கும் இடத்தை அழுத்தித் தேய்க்கும்போது அந்த நேரத்துக்குச் சுகமாக இருப்பது உண்மைதான். சொறிவதும் சுகமாகத்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது இதைவிட எளிது, வரிசை மட்டும் முக்கியம். பூச்சி இன்னும் தோல் மேல் இருந்தால் கையால் தட்டக்கூடாது, நசுக்கவே கூடாது. ஒரு குச்சியாலோ மடித்த காகிதத்தாலோ தூக்கிப் போட வேண்டும். அப்புறம் தண்ணீர் படுவதற்கு முன், எண்ணெய் படுவதற்கு முன், மேசை இழுப்பறையில் கிடக்கும் செல்லோ டேப்பை எடுக்க வேண்டும். காயத்துக்குப் போடும் ஒட்டுப் பிளாஸ்டரும் ஆகும். தடத்தின் மேல் ஒட்டி, மெல்ல அமர்த்தி, அப்படியே உரித்தெடுக்க வேண்டும். அதே துண்டைத் திரும்ப ஒட்டினால் எடுத்த சுணையைத் திருப்பி நடுகிறோம் என்று அர்த்தம், ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு வேண்டும். நாலைந்து தடவை செய்தால் போதும். ஈரத் தோலிலும் எண்ணெய்த் தோலிலும் டேப் ஒட்டாது. வெற்றிலை வைத்தியத்தின் மேல் எனக்குள்ள தனிப்பட்ட கோபம் இது: முதல் ஐந்து நிமிடத்தில் எண்ணெயைப் பூசி, பலிக்கக்கூடிய ஒரே வழியை அது அடைத்துவிடுகிறது.

டேப்புக்குப் பிறகுதான் குழாயடி. ஓடும் தண்ணீரில், சோப்பு நுரையை உள்ளங்கையால் தடவிக் கழுவ வேண்டும். பீர்க்கங்காய் நாரோ துண்டோ வேண்டாம். தானாக உலரவிட்டு, ஈரத்துணி சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் எரிச்சல் தணியும். காலமைன் தடவலாம். அரிப்பு தூங்கவிடவில்லை என்றால் செட்ரிசின் வகை மாத்திரை உதவும், குழந்தைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. சட்டையைக் கழற்றும்போது தலைவழியாக உருவக்கூடாது, முகத்தில் சுணை படும். கழற்றியதை உதறாமல் தனியாக வெந்நீரில் அலச வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் இந்த வீட்டு வைத்தியம் எதுவும் செல்லாது. கசக்காமல் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கசக்கினால் சுணை கருவிழிக்குள்ளேயே இறங்கும். நம்பிக்கைக்காரர்கள் சொல்லும் 'இறக்கம்' உண்மையில் நடக்கும் இடம் அது ஒன்றுதான். மூச்சு இளைத்தாலோ உதடு, நாக்கு வீங்கினாலோ 108.

பூச்சி இல்லாமலும் இதே மாதிரி கோடு விழும். சித்திரை வைகாசியில் மொட்டை மாடியில் நின்று மாங்காய் பறித்தவர்களுக்குத் தெரியும். காம்பு ஒடிந்த இடத்தில் பீறிடும் பால் கையில் கோடு கோடாக வழியும். அன்றைக்கு ஒன்றும் இருக்காது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வழிந்த அதே கோட்டில் அரிப்பும் நீர்க்கொப்புளமும் வரிசையாகக் கிளம்பும். இங்கே சுணை கிடையாது, பிசின்தான். அதைத் தோல் ஒவ்வாததாக அடையாளம் கண்டு மெதுவாகக் கிளர்ந்தெழுகிறது, அதனால்தான் இந்தத் தாமதம். எல்லோருக்கும் வருவதில்லை, வந்தவருக்குத் திரும்பத் திரும்ப வரும். மா, முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். சேங்கொட்டைச் சாற்றால் வண்ணார் துணியில் குறி போடுவது நம் ஊரில் வழக்கமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிடரியில் கொப்புளம் கண்டபோது, சட்டைக் கழுத்தில் இருந்த அந்தக் குறிதான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். சாறு காய்ந்து துணியோடு துணியாகிப்போன பிறகும் அதன் குணம் போகவில்லை.

இந்த வகைக்கு டேப் பயனில்லை, சோப்பும் நிறையத் தண்ணீரும்தான், அதுவும் உடனே. பத்து நிமிடத்துக்குள் கழுவினால் பெரும் பகுதியைத் தப்பலாம். நேரம் ஆக ஆகப் பிசின் தோலுக்குள் ஊறிவிடும். நகக்கண்ணையும் அரிவாள் பிடியையும் மறக்கக்கூடாது. ஆனால் நம் வீடுகளில் நேர் எதிராக நடக்கிறது. பால் பட்ட அன்று லுங்கியில் துடைத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். கொப்புளம் வந்த பிறகு "தண்ணி படக்கூடாது, பரவும்" என்று குளிப்பையே நிறுத்துவார்கள். கொப்புளத்துக்குள் இருப்பது நம் உடம்பே சுரந்த நீர், அதில் மாம்பால் இல்லை. அது பட்டுப் பக்கத்தில் பரவாது, பக்கத்தில் படுத்தவருக்கும் ஒட்டாது. நாலாம் நாள் புதிதாக ஒரு இடத்தில் கிளம்பினால், அங்கே பால் குறைவாகப் பட்டிருந்தது, அல்லது தோல் தடிப்பானது, அதனால் தாமதம் என்று அர்த்தம். இல்லையென்றால் நகத்திலோ துணியிலோ பிசின் இன்னும் மிச்சம் இருக்கிறது. இரண்டுக்கும் குளிக்காமலிருப்பது மருந்தல்ல. கொப்புளத்தைக் குத்தி உடைக்காமல் இருந்தால் போதும். முகம், பிறப்புறுப்பு, அல்லது உடம்பில் பெரும் பகுதி என்று வந்தால் தோல் மருத்துவர் வேண்டும். மருந்துக்கடையில் 'அரிப்புக்கு ஒரு ட்யூப்' என்று கேட்டு, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பை மாதக்கணக்கில் பூசுவது இன்னொரு மூடநம்பிக்கை. அதற்கு மஞ்சள் குங்குமம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோடு போட்ட கொப்புளம் என்றாலே "அக்கி" என்று சொல்லிக் காவி எழுதக் கூட்டிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். பூச்சித் தடத்துக்கு எழுதினால் பெரிய நஷ்டமில்லை, அது தானே ஆறும், புகழ் காவிக்குப் போகும். உண்மையிலேயே அக்கியாக இருந்தால்தான் ஆபத்து. அது உடம்பின் ஒரு பாதியில் மட்டும், முதுகிலிருந்து முன்புறம் வளைந்து பட்டைபோல வரும், நடுக்கோட்டைத் தாண்டாது. கொப்புளத்துக்கு முன்பே அந்த இடம் எரியும், குத்தும். அதற்கான வைரஸ் மருந்தைக் கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன். காவி காயக் காத்திருந்தே அந்த மூன்று நாளும் போய்விடும்.

இதையெல்லாம் சொன்னால், "அப்போ முருங்கை மரத்தையே வெட்டிடலாமே" என்பார்கள். தேய்ப்பவர்களைவிட வெட்டுபவர்கள் மோசம். முருங்கைக் கம்பளிப்பூச்சி இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒண்டும். அதை ஒழிக்க அதுதான் சமயம். தோப்புகளில் தீப்பந்தம் காட்டுவார்கள். வீட்டுக் கொல்லையில் அது வேண்டாம், காற்றில் சுணை பறக்கும். உலர்ந்த விளக்குமாறால் பெருக்குவதும் அதே வினைதான். முழுக்கை சட்டை, கண்ணாடி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கெட்டியான சோப்புத் தண்ணீரைக் கூட்டத்தின் மேல் அடித்து நனைத்து, நீளக் கம்பில் கட்டிய ஈரத் துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ள வேண்டும். பூச்சி உரித்துப்போட்ட தோலும் கூடும்கூட அரிக்கும், அவற்றையும் நனைத்தே எடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு முருங்கை நிற்கிறது. துணிக்கொடியை மட்டும் வாசல் பக்கம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், கார்த்திகை முடியும் வரைக்கும்.