பிள்ளை சாப்பிடாததற்கெல்லாம் பூச்சிதானா காரணம்?

பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் நற்பிட்டிமுனையிலும் ஒரு பிள்ளை சோற்றைத் தள்ளிவைத்தால், அம்மாவோ உம்மாவோ முதலில் சொல்வது வயிற்றில் பூச்சி இருக்கிறது என்பதைத்தான். பிள்ளை மெலிந்தாலும், வகுப்பில் தூங்கி வழிந்தாலும், தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்தாலும் அதே தீர்ப்பு. அடுத்த நாளே பாமசியில் ஒரு குளிசை வாங்கிக் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து இன்னொன்றும் கொடுக்கிறார்கள். பாடசாலையிலும் கிளினிக்கிலும் இலவசமாகக் கொடுக்கும் பூச்சி மருந்தைப் பிள்ளைகள் விழுங்கவே வேண்டும். ஆனால் வெளிறி மெலிந்த பிள்ளைக்குத் திரும்பத் திரும்பக் குளிசை கொடுப்பது, அதன் உண்மையான நோயைத் தேடாமல் விட்டுவிடுவதாகும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஓர் இரத்தப் பரிசோதனை. அதன் வளவுக்கு வேண்டியது கசியாத ஒரு மலக்குழி. இதுவே நமது நிலைப்பாடு.

பூச்சி பிள்ளையைக் கெடுக்காது என்று நாம் சொல்லவில்லை. எந்தப் பூச்சி, எத்தனை பூச்சி என்பதில்தான் விடயம் இருக்கிறது. இரவில் ஆசனவாயில் அரிப்பைக் கொடுக்கும் சின்ன வெள்ளைக் கீரிப்பூச்சி பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் இரத்தத்தைக் குடித்து வளர்ச்சியை நிறுத்தாது. வட்டப்புழு குடலில் கிடந்து உணவில் பங்கு கேட்கும், பசியையும் மந்தமாக்கும். கென்யாவின் கரையோரத்தில் லானி ஸ்டீவன்சன் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் செய்த ஆய்வில், புழுக்கள் நிறைந்திருந்த பாடசாலைச் சிறுவர்களுக்கு மருந்து கொடுத்தபின் கஞ்சியை வேண்டுமட்டும் குடிக்கவிட்டு அளந்தார்கள். மருந்து பெற்றவர்கள் முன்பைவிடக் கூடுதலாகக் குடித்தார்கள், நிறையும் கூடியது. ஆகவே பசிக்கும் புழுவுக்கும் தொடர்பு உண்டு என்ற நம் தாய்மாரின் எண்ணம் அடிப்படையற்றதல்ல.

இரத்தத்தைக் குடிப்பது கொழுக்கிப்புழு. மலத்தோடு வெளியேறும் அதன் முட்டை, நிழலும் ஈரமும் உள்ள மணலில் பொரித்து, ஒரு வாரமளவில் தொற்றக்கூடிய குடம்பியாகிறது. வெறுங்காலோடு போகும் பிள்ளையின் விரலிடுக்கால் நுழைந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்ந்து சுவரைக் கடித்துத் தொங்குகிறது. உடலுக்குள் அது பெருகுவதில்லை. பிள்ளையின் குடலில் உள்ள ஒவ்வொரு புழுவும் மண்ணிலிருந்து தனித்தனியாக ஏறியதுதான். நெக்கேற்றர் என்னும் வகையில் ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர். பத்துப் புழு என்றால் 0.3 மில்லிலீற்றர் இரத்தம், அதிலுள்ள இரும்பு 0.12 மில்லிகிராம் மட்டில். ஓரளவு நன்றாகச் சாப்பிடும் பிள்ளை அதைத் தாங்கிக்கொள்ளும். நூறு புழு என்றால் 3 மில்லிலீற்றர் இரத்தமும் 1.2 மில்லிகிராம் இரும்பும் போகும். ஏழு வயதுப் பிள்ளையின் உடல் ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்ள வேண்டிய இரும்பு முழுவதுமே ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. போன இரும்பில் ஒரு பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சினாலும் அந்தப் பிள்ளையின் கணக்கு நாள்தோறும் பற்றாக்குறையில்தான் முடியும்.

இதே கணக்கில்தான் உலக அளவிலான பெரிய விவாதமும் நிற்கிறது. 1998இல் கென்யாவின் புசியா மாவட்டத்தில் 75 பாடசாலைகளில் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்த மைக்கல் கிரெமர், எட்வேர்ட் மிகெல் என்ற பொருளியலாளர்கள், பாடசாலைக்கு வராமை கால்வாசி குறைந்தது என்று 2004இல் எழுதினார்கள். பரீட்சைப் புள்ளிகள் உயரவில்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள். பிரச்சாரத்தில் முதலாவது செய்தி பரவியது, இரண்டாவது அமுங்கிப்போனது. 2015இல் இலண்டன் ஆய்வாளர்கள் அதே தரவுகளை மீண்டும் கணக்கிட்டு, முடிவு அவ்வளவு உறுதியானதல்ல என்றார்கள். மருத்துவ ஆய்வுகளை எல்லாம் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் குழு, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக மருந்து கொடுப்பதால் சராசரி நிறையிலோ ஹீமோகுளோபினிலோ கல்வியிலோ சொல்லத்தக்க மாற்றம் இல்லை என்று திரும்பத் திரும்பக் கூறியிருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் பத்து இலட்சம் சிறு பிள்ளைகளை உள்ளடக்கி, 2013இல் வெளியான ஆய்விலும் நிறை கூடவில்லை. கிரெமர் தரப்பு வேறு முறையில் கணக்கிட்டு, சராசரியாக 130 கிராம் அளவு கூடுகிறது என்று வாதிடுகிறது. 2021இல் அவர்கள் வெளியிட்ட தொடர் ஆய்வு, சிறு வயதில் கூடுதலாக இரண்டு மூன்று ஆண்டு மருந்து பெற்றவர்களின் மணிநேர வருமானம் இருபது ஆண்டுகளின் பின் 13 வீதம் அதிகம் என்றது.

இரு தரப்பாருமே நேர்மையாகத்தான் வாதிடுகிறார்கள் என்பது நம் எண்ணம். புழுக்கள் எல்லாப் பிள்ளைகளிலும் சமமாக இருப்பதில்லை. ஊரிலுள்ள புழுக்களில் பெரும்பங்கு ஒரு சில பிள்ளைகளின் வயிற்றில்தான் இருக்கும். புழுவே இல்லாத தொண்ணூறு பிள்ளைகளோடு புழு நிறைந்த பத்துப் பிள்ளைகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், பத்துப் பேர் அடைந்த நன்மை தெரியாமல் போய்விடும். தொற்று உண்டென்று சோதித்தறிந்த பிள்ளைகளுக்கு மட்டும் மருந்து கொடுத்த சிறிய ஆய்வுகளில் நிறை அரைக் கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறது. ஆகவே புழு மலிந்த இடத்தில் குளிசை பெரிய காரியம் செய்கிறது, புழு அருகிய இடத்தில் சராசரியாக அதனால் செய்யக்கூடியது மிகச் சொற்பம்.

நம் நாடு இதில் எங்கே நிற்கிறது? 2003இல் தேசிய அளவில் சுமார் 7 வீதப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புழுத் தொற்று இருந்தது. 2017ஆம் ஆண்டு அளவீட்டில் அது ஒரு வீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. நகர்ப்புற வறிய குடியிருப்புகளில் 3 வீதத்துக்குச் சற்றுக் குறைவு, தோட்டங்களில் மட்டும் 9 வீதம். மண்வழிப் புழுக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக மருந்து கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை 20 வீதம். தொற்று இவ்வளவு குறைந்ததை ஒரு பெரிய வெற்றி என்றே சொல்ல வேண்டும்.

களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் தோட்டப்புறத்தில் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வை நம் பெற்றோரும் ஆசிரியரும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 98 பாடசாலைகளில் தரம் 4 பிள்ளைகள் சுமார் 1,200 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பாடசாலைகளில் ஒரு வேளை 500 மில்லிகிராம் மெபென்டசோலும், ஆறு மாதத்துக்கு வாரம் ஒரு இரும்புக் குளிசையும் கொடுத்தார்கள். மறு பாதியில் கொடுத்தது மருந்தில்லாத வெற்றுக் குளிசை. முடிவில் வட்டப்புழுவின் அளவு குறைந்தது. ஆனால் ஹீமோகுளோபினிலும் கவனச் சோதனையிலும் பாடப் புள்ளிகளிலும் இரு பக்கத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. தொற்று இலேசானதாகவும் இரத்தசோகை கடுமையற்றதாகவும் இருந்த இடத்தில் குளிசையால் புள்ளி உயராது என்பதே ஆய்வாளர்கள் எடுத்த முடிவு. நாட்டிலேயே புழு மிகுந்த தோட்டப்புறத்தில் இதுதான் நிலை என்றால், கல்முனைக் கரையில் பாமசிக் குளிசையை நம்பிப் புலமைப்பரிசில் புள்ளியை எதிர்பார்ப்பது வீண்.

குளிசைக்குள்ள இன்னொரு எல்லையையும் சொல்ல வேண்டும். ஒரு வேளை மெபென்டசோல் வட்டப்புழுவை அநேகமாக முற்றாகத் தீர்க்கும். கொழுக்கிப்புழு தொற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரைத்தான் அது குணமாக்குகிறது. அதற்கு அல்பென்டசோல் சிறந்தது. அதாவது இரத்தம் குடிக்கும் புழுவுக்கே பாமசியில் கேட்டு வாங்கும் குளிசை பல வேளைகளில் போதாது. மலத்தைச் சோதித்து, வைத்தியர் தெரிவு செய்ய வேண்டிய மருந்து அது.

அப்படியானால் நம் பிள்ளை ஏன் வெளிறியிருக்கிறது? பெரும்பாலும் சாப்பாட்டில் இரும்பு குறைவு, அல்லது உண்ட இரும்பு உறிஞ்சப்படவில்லை. சோறு தின்ற கையோடு தேத்தண்ணி கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. தேயிலையின் துவர்ப்புப் பொருள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துவைத்து, உறிஞ்சலைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். நெத்தலியும் முருங்கையிலையும் தேசிக்காயும் மலிவாகக் கிடைக்கும் கரை இது. தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் பிந்திக் கொடுத்தாலே சோற்றின் பயன் கூடும். மண் தின்னும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சி இருப்பதால் மண் தின்கிறது என்கிறோம். பல வேளைகளில் இரும்புக் குறைவுதான் மண்ணில் ஆசையை உண்டாக்குகிறது. அந்த மண்ணோடு வட்டப்புழு முட்டையும் உள்ளே போகிறது. இரும்புக் குறைவே பசியையும் கெடுக்கும். இரும்பு கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாத பிள்ளை தலசீமியாக் காவியாகவும் இருக்கலாம். இவற்றை எல்லாம் பிரித்தறிய இரத்தப் பரிசோதனையே வழி. ஐந்து முதல் பதினொரு வயது வரை ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11.5 கிராமுக்குக் கீழ் என்றால் அது இரத்தசோகை.

இனி மண்ணுக்கு வருவோம். 1916இல் றொக்கஃபெல்லர் அறக்கட்டளையின் கொழுக்கிப்புழு இயக்கம் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியபோது அங்கே தொழிலாளரில் அநேகமாக எல்லோருக்கும் தொற்று இருந்தது. மருந்து கொடுக்க இணங்கிய துரைமார் கக்கூசு கட்டுவதற்குக் காசு செலவிடத் தயங்கினார்கள். குணமானவர்கள் அதே மண்ணில் நடந்து மீண்டும் தொற்றிக்கொண்டார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின், பத்து ஆண்டு தொடர்ந்து குளிசை கொடுத்த தோட்டப் பாடசாலைகளில் சோதித்தபோதும் 29 வீதப் பிள்ளைகளில் புழு இருந்தது. மண் அசுத்தமாக இருக்கும்வரை குளிசைக்கு முடிவே இல்லை.

நம் கரையில் மணல் ஆழமில்லாமலே தண்ணீர் ஊறும். மாரியில் குழி நிரம்பினால் வளவுக்குள்தான் பொங்கும். சின்னப் பிள்ளைகள் விளையாடுவதும் அந்த வளவில்தான். கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை தனது பாடசாலைகளில் மல மாதிரி ஆய்வொன்றை நடத்தி, எந்த வட்டாரத்தில் புழு எஞ்சியிருக்கிறது என்பதை ஊருக்கு அறிவிக்க வேண்டும். தேசிய சராசரி பாண்டிருப்பின் ஒரு ஒழுங்கையைக் காட்டித் தராது. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் வெளிறிக் காணும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஹீமோகுளோபின் அளவு எழுதப்பட வேண்டும். மாநகர சபை, மாரி தொடங்கும் முன்பே தாழ்ந்த வளவுகளின் குழிகளைக் குறைந்த கட்டணத்தில் உறிஞ்சிக் கொடுத்து, அந்தக் கழிவைக் குடியிருப்புக்கு அப்பால் முறையாக அகற்ற வேண்டும்.

பெற்றோரிடம் நாம் கேட்பது ஒன்றுதான். பாடசாலையில் தரும் குளிசையைப் பிள்ளை விழுங்கட்டும். அதன் பிறகும் சாப்பிடாமல் சோர்ந்திருந்தால் பாமசிக்குப் போகாதீர்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளிறியிருந்தால் அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.