விலை குறைந்தால் விற்பனை எவ்வளவு கூடும்?

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் வரமகாலட்சுமி நோன்புக்கு முந்தைய நாட்களில் மல்லிகையும் கனகாம்பரமும் எட்டாத விலைக்குப் போகின்றன. பூ மிக அதிகமாக விற்பதும் அந்த நாட்களில்தான். ஒரு பூக்கடைக்காரர் தன் ஓராண்டு விற்பனையை எக்செல் ஷீட்டில் ஏற்றி, விலைக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டால், விலை ஏற ஏற மக்கள் கூடுதலாக வாங்குகிறார்கள் என்றுகூட விடை வரலாம். எண்களில் தவறில்லை, தவறு கேள்வியில் இருக்கிறது. விலை ஏறியதால் பூ விற்கவில்லை, எல்லோரும் பூ கேட்டு வந்ததால் விலை ஏறியது. தீபாவளித் தள்ளுபடியில் இதே பிழை மறுபக்கமாக நேர்கிறது. பண்டிகைக்காக எப்படியும் வந்திருக்கக்கூடிய கூட்டத்தைத் தள்ளுபடி இழுத்து வந்த கூட்டமாகக் கணக்கு எழுதிவிடுகிறோம். விலைக்கு வாடிக்கையாளர் எவ்வளவு அசைகிறார் என்பதைக் கடையின் சொந்தப் பதிவிலிருந்தே கணிக்க முடியும் என்பதுதான் என் வாதம். ஆனால் பதிவில் உள்ள எல்லா விலை மாற்றங்களும் அதற்கு உதவாது. வாங்குவோரின் விருப்பத்துக்குத் தொடர்பில்லாமல், வெளியிலிருந்து வந்து விழுந்த மாற்றங்களே உதவும்.

அமெரிக்கப் பொருளியலாளர் பிலிப் ரைட் இந்த வழியை 1928-லேயே காட்டினார். பெங்களூரின் மளிகைக் கடைகளுக்கு அப்படியொரு மாற்றம் 2025 செப்டம்பர் 22 அன்று வந்தது. குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைமுடி எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரி முழுவதும் விலையில் இறங்கினால் 118 ரூபாய்ப் பொருள் 105 ரூபாய், அதாவது 11 விழுக்காடு குறைவு. கடைக்காரரும் வாடிக்கையாளரும் இதைத் தீர்மானிக்கவில்லை. ஆனால் அன்றுதான் நவராத்திரியின் முதல் நாள். அடுத்து ஆயுத பூஜை, அக்டோபர் 20-ல் தீபாவளி. போதாக்குறைக்கு, வரி குறையப்போகிறது என்று ஆகஸ்ட் 15 உரையில் பிரதமர் சொன்னதும், செப்டம்பர் 3-ல் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்ததும், பொறுத்து வாங்கலாம் என்று நினைக்க எல்லோருக்கும் காரணம் தந்தன. முந்தைய வாரங்களின் விற்பனையைக் காத்திருப்பு அமுக்கும், பிந்தைய வாரங்களின் விற்பனையைப் பண்டிகை தூக்கும். இரண்டையும் நேராக ஒப்பிட்டால் விலையின் பலம் இருமடங்காகத் தெரிந்தாலும் வியப்பில்லை.

இதற்கு மாற்று, வரி மாறாத இன்னொரு பொருளைத் துணைக்கு வைப்பது. வாஷிங் பவுடருக்கு வரி 18-லேயே நின்றது. அதே வீட்டார், அதே மாதச் சாமான் பட்டியலில் எழுதி வாங்கும் பொருள் அது. ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆகஸ்ட் 15 அறிவிப்புக்கு முந்தைய நான்கு வாரங்களில் ஒரு கடை வாரத்துக்கு 200 சோப்பு, 40 ரூபாய் விலையில் விற்றது. விலை இறங்கி, முதல் பரபரப்பும் அடங்கிய பிறகான நான்கு வாரங்களில் 35.60 ரூபாயில் வாரத்துக்கு 250 விற்றது. அதே காலத்தில் வாஷிங் பவுடர் 100-லிருந்து 110 ஆனது. ஷீட்டில் இரண்டாம் வரிசை சோப்பு, மூன்றாம் வரிசை வாஷிங் பவுடர். C, D பத்திகளில் முந்தைய, பிந்தைய அளவுகள். E, F பத்திகளில் விலைகள்:

```
=(LN(D2/C2)-LN(D3/C3))/LN(F2/E2)
```

விடை, அதாவது விலை நெகிழ்ச்சி, ஏறத்தாழ −1.1. விலை ஒரு விழுக்காடு குறைந்தால் விற்பனை 1.1 விழுக்காடு கூடுகிறது என்று பொருள். வாஷிங் பவுடரைக் கழிக்காமல் சோப்பை மட்டும் பார்த்திருந்தால் −1.9 வந்திருக்கும். துணைப் பொருளைத் தேர்வதில் ஒரு கவனம் வேண்டும். இன்ஸ்டன்ட் காபிக்கு வரி 18-லிருந்து 5 ஆனது, ஃபில்டர் காபித்தூளுக்கு முன்பும் பின்பும் 5 தான். ஆனாலும் இந்த இரண்டையும் ஒப்பிடக்கூடாது. மலிவான இன்ஸ்டன்ட் காபிக்குச் சிலர் மாறினால் காபித்தூள் விற்பனை அதனாலேயே சரியும்; வித்தியாசம் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

இவ்வளவும் பதிவு நேர்மையாக இருந்தால்தான். பெங்களூரில் அந்த ஆண்டு இதற்கென்றே ஒரு சிக்கல் இருந்தது. ஜூலையில் யு.பி.ஐ. வரவுகளை வைத்து மாநில வணிகவரித் துறை சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும் பல கடைகள் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் வாங்கின. அந்த மாதங்களின் விற்பனையை யு.பி.ஐ. பட்டியலிலிருந்து எடுத்தால் சரக்கு விற்றும் விற்காததுபோலக் காட்டும். பில் அல்லது சரக்கு இருப்பிலிருந்தே எடுக்க வேண்டும். விலையையும் எம்.ஆர்.பி.யிலிருந்து எடுக்கலாகாது. பழைய சரக்கில் புது விலை ஸ்டிக்கர் ஒட்ட அந்த ஆண்டு டிசம்பர் இறுதிவரை அவகாசம் இருந்ததால், ஒவ்வொரு பொருளுக்கும் விலை உண்மையில் இறங்கிய நாள் வேறு. பில்லில் வாங்கிய தொகைதான் விலை. ஐந்து, பத்து ரூபாய்ச் சிறு பாக்கெட்டுகளில் விலை மாறாமல் எடை கூடியிருந்தால் கிராமுக்கு இவ்வளவு என்று மாற்றிக்கொள்ள வேண்டும். சரக்கு தீர்ந்துபோன வாரத்தில் விற்பனை குறைந்தது வாடிக்கையாளரின் பதில் அல்ல; அந்த வாரத்தை நீக்கிவிடலாம்.

ஒரு கடை, இரண்டு பொருள், எட்டு வாரம்: இதில் வரும் எண்ணை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்கும் விடை அதே ஷீட்டில் இருக்கிறது. எந்த விலையும் மாறாத பழைய மாதங்களில் இரண்டு நான்கு வாரத் துண்டுகளை எடுத்து, மேலே உள்ள சூத்திரத்தின் அடைப்புக்குள் இருக்கும் பகுதியை மட்டும் கணக்கிட வேண்டும். விலை மாறாததால் அது பூஜ்யத்துக்கு அருகில் வர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது 0.13. விலை மாறாத காலத்திலேயே அது 0.05 வரை மேலும் கீழும் ஆடுகிறது என்றால், 1.1 என்ற விடை உண்மையில் 0.7-க்கும் 1.5-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 0.15 வரை ஆடினால் அந்தப் பொருளில் முடிவு சொல்லாமல் விடுவதே சரி.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வரி குறைந்தபோது எல்லாக் கடைகளிலும், பத்து நிமிடத்தில் கொண்டுவரும் செயலிகளிலும் விலை சேர்ந்தே குறைந்தது. ஆகவே நமக்குக் கிடைத்தது மக்கள் சோப்பைக் கூடுதலாக வாங்குவார்களா என்பதற்கான விடை. நான் மட்டும் குறைத்தால் பக்கத்துக் கடைக்காரரின் வாடிக்கையாளர் என்னிடம் வருவாரா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அந்த எண் இதைவிடப் பெரிதாக இருக்கும். ஆனால் எவ்வளவு பெரிதாக இருந்தால் பயன் உண்டு என்று பார்க்க வேண்டும். நூற்றுக்குப் பத்து ரூபாய் லாபம் நிற்கும் சோப்பில் ஐந்து ரூபாய் தள்ளினால் லாபம் பாதியாகும். பழைய லாபத்தைத் தொட விற்பனை இரண்டு மடங்காக வேண்டும். நெகிழ்ச்சி 1.1 என்றால் கூடுவது ஆறு விழுக்காடு. மிகைப்பட்ட 1.9-ஐ எடுத்தாலும் பத்து. அக்கம்பக்கத்திலிருந்து புதிதாக ஆள் வந்தாலும் அந்த இடைவெளி நிரம்புவது கடினம்.

கடையிலேயே அரைத்து விற்கும் காபித்தூள், சாம்பார்ப் பொடி போன்றவற்றின் கணக்கு வேறு. அவற்றுக்கு எம்.ஆர்.பி.யை அச்சிடுவது கடைக்காரரே, லாபமும் பெரிது. அங்கே வெளியிலிருந்து மாற்றம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். பண்டிகை வாரங்களை ஒதுக்கிவிட்டு, எந்த வாரம் பழைய விலை, எந்த வாரம் குறைந்த விலை என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்து மூன்று மாதம் நடத்தி, துணைப் பொருளுடன் ஒப்பிட்டால் போதும். அந்த மூன்று மாதப் பதிவு கையில் வரும்வரை, குறைந்த லாபச் சரக்கில் தீபாவளித் தள்ளுபடிப் பலகை வைப்பதை மளிகைக் கடைக்காரர்கள் நிறுத்தி வைக்கலாம்.