சப்பாத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள்

எங்கள் மலையேற்றக் குழுவின் தலைவர் வாட்ஸ்அப் காலத்திலும் கடிதம்தான் எழுதுவார். நவம்பர் மழையில் நுவாங் மலை ஏறுவதற்காக அவர் அனுப்பிய இரண்டு பக்கக் கடிதத்தில் சாப்பாட்டுக்கு ஒரு வரி, புறப்படும் நேரத்துக்கு ஒரு வரி. மீதி முழுக்கச் சப்பாத்துதான்.

"தம்பி தங்கைகளே, சப்பாத்தை இன்றே வெளியே எடுங்கள். தரையைத் தொடும் ரப்பருக்கும் மேல் துணிக்கும் நடுவில் மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதைக் கட்டை விரல் நகத்தால் அழுத்துங்கள். அழுத்திய இடம் எழும்பி வந்தால் சரி. குழி அப்படியே நின்றாலோ, மாவாக உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ அந்தச் சப்பாத்து மலைக்கு வராது. அதைப் போட்டு வருகிறவரும் வர மாட்டார்."

இவ்வளவு கறாருக்குக் காரணம் உண்டு. போன ஆண்டு இறங்கும் வழியில், கெம் பாச்சாட் தாண்டி, ஒருவரின் இடது சப்பாத்து அடிப்பாகம் கழன்றது. பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது. கால் மணி நேரத்தில் வலதும் போய்விட்டது. ஒரே நாளில் செய்த ஜோடி, ஏறக்குறைய ஒரே நாளில்தான் சாகும். கயிற்றால் கட்டி, பிளாஸ்டிக் பை சுற்றி, மழையில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். கெம் லோலோ வந்தபோது இருட்டிவிட்டது. அங்கிருந்து பங்சூன் வரை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் கல் பாதை. அவருடைய பாதங்களை நான் வர்ணிக்கப் போவதில்லை.

கடிதத்தைப் படித்த கையோடு என் சப்பாத்தை அழுத்தினேன். 2018இல் நானூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். நகம் பதிந்த இடம் எழும்பவே இல்லை. உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நாலு தடவைதான் போட்டிருக்கேன்."

"அதாம்மா பிரச்சினை."

பல சப்பாத்துகளில் அந்த மெத்தைப் பகுதி பாலியூரித்தேன் என்ற நுரை. காற்றிலுள்ள ஈரம் அதற்குள் புகுந்து, அதன் கட்டமைப்பையே மெல்ல மெல்ல அறுக்கிறது. நம் ஊர் வெப்பமும் ஈரமும் அதற்கு நல்ல துணை. அடிக்கடி நடந்தால் ஒவ்வோர் அடியிலும் நுரை அழுந்தி, புகுந்த ஈரம் கொஞ்சம் வெளியேறும். மூடிய பெட்டியில் வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். ஆக, போடாமல் வைப்பதுதான் கெடுதல். ஈ.வி.ஏ. என்ற வேறொரு நுரைக்கு இந்த நோய் வராது. அது நாளடைவில் தட்டையாகிப் போகும், அவ்வளவுதான்.

"பசை போட்டு ஒட்டிடலாமா?"

"ரொட்டித் தூளை எப்படிம்மா ஒட்டுவ?"

மாற்று என்ன என்பதும் கடிதத்தில் இருந்தது: 'அடிடாஸ் கம்போங்'. ரப்பர் மரம் வெட்டப் போன நம் தாத்தா பாட்டிகள் போட்ட அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து. சாமான் கடையில் இருபது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். முழுக்க ரப்பர் என்பதால் உதிர்வதற்கு நடுவில் நுரை கிடையாது. அடியிலுள்ள குமிழ்கள் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். தண்ணீரை உறிஞ்சாது, ஆற்றைக் கடந்ததும் கழற்றிக் கவிழ்த்தால் போதும். நீர் புகாத விலை உயர்ந்த பூட்ஸில் முழங்கால் மழை மேல்வழியாக இறங்கி, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குளமாகிவிடும்.

குறையும் உண்டு, அதையும் அண்ணன் மறைக்கவில்லை. மெத்தை இல்லாததால் கல் பாதையில் பாதம் நோகும். இறங்கும்போது விரல்கள் முன்னால் போய் முட்டும். அதனால் ஓர் அளவு பெரிதாக வாங்கி, உள்ளே தனி மெத்தைத் தகடு வைத்து, தடித்த காலுறை போட வேண்டும். இரண்டு நாள் முன்பே கால் நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்துவிடும்.

காலுறை நீளமாக இருக்க வேண்டும், கால்சட்டையின் நுனியை அதற்குள் செருக வேண்டும் என்பது அடுத்த விதி. பாச்சாட் என்றாலே மலாயில் அட்டைதானே, முகாமின் பெயரே எச்சரிக்கை. கடித்துவிட்டால் உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். மெல்லிய முனையில்தான் வாய். அங்கே நகத்தால் தள்ளி வழித்துவிட்டால் போதும். இரத்தம் சற்று நேரம் கசியும், பயப்பட வேண்டாம்.

கடைசி வரி: "ஆளுக்கு நான்கு கேபிள் டை, பையில்." அடிப்பாகம் கழன்றால் சப்பாத்தோடு சேர்த்து இறுக்குவதற்கு. இறங்கி வரும் வரை தாங்கினால் போதும்.

ரப்பர் சப்பாத்து வாங்கிவிட்டேன். பழையதைத் தூக்கிப் போட மனமில்லாமல், வாசலில் வைத்து ஒரு தடவை வளைத்துப் பார்த்தேன். வலது காலின் அடிப்பாகம் கையோடு வந்துவிட்டது. இடதை வளைக்கவில்லை.